பிஎச் நார்மல், பைகார்பனேட் நார்மல், ஆனாலும் விடை 'நார்மல்' இல்லையாம். எங்கே தவறினேன்?

உம்கேனி மாணவி

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் ஐந்தாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். அதில் வந்த ஒரு கேள்வி மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. 38 வயதுப் பெண், நான்கு நாளாக வாந்தி, காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார், மிகவும் மெலிந்திருக்கிறார், ரத்த அழுத்தம் 84/50. தமனி ரத்த வாயுவும் மற்ற எண்களும் இவை:

```
pH       7.41
pCO2     5.0 kPa
HCO3     23 mmol/L
Na       136
K        2.9
Cl       100
Lactate  6.8
Albumin  16 g/L
```

பிஎச் சரி, கார்பன் டை ஆக்சைடு சரி, பைகார்பனேட் சரி. ஆனயான் கேப் போட்டேன்: 136-இல் இருந்து 100-ஐயும் 23-ஐயும் கழித்தால் 13. அதுவும் சரிதான். "அமில-காரக் கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதினேன். முழு மதிப்பெண்ணும் போய்விட்டது. இரண்டு கோளாறுகள் ஒன்றாக இருக்கின்றன என்று மட்டும் சொன்னார்கள், எப்படி என்று விளக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நீங்கள் எந்த வரிசையில் போவீர்கள்?

சாட்ஸ்வர்த் சிவா

தங்கச்சி, நான் இப்போது இன்டர்ன். இதற்கு விடை எளிது. லாக்டேட் 6.8 என்றால் லாக்டிக் அசிடோசிஸ். பிஎச் நார்மலாக இருக்கிறதே, அதனால் உடல் அதை முழுவதும் ஈடுகட்டிவிட்டது. "முழுமையாக ஈடுகட்டப்பட்ட மெட்டபாலிக் அசிடோசிஸ்" என்று எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். லாக்டேட்டைப் பார்க்காமல் விட்டதுதான் உன் தவறு.

மாரிட்ஸ்பர்க் டாக்டர்

சிவா தம்பி பாதி தூரம் சரியாக வந்திருக்கிறார். லாக்டேட்டை முதலில் பிடித்தது நல்லது. ஆனால் "முழுமையாக ஈடுகட்டிவிட்டது" என்ற இடத்தில் நான் நிறுத்துவேன். மெட்டபாலிக் அசிடோசிஸை நுரையீரல் எப்படி ஈடுகட்டும்? வேகமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துத்தான். இந்தப் பெண்ணுக்கு அது 5.0, ஒரு துளிகூடக் குறையவில்லை. அப்படியானால் ஈடுகட்டியது நுரையீரல் இல்லை. பைகார்பனேட்டும் 23-லேயே நிற்கிறது. இரண்டுமே அசையாமல், லாக்டேட் மட்டும் ஏறியிருக்கிறது என்றால், வேறு ஏதோ ஒன்று பைகார்பனேட்டை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். தவிர, ஈடுகட்டல் பிஎச்சை நார்மலுக்குப் பக்கத்தில் கொண்டுவரும், நார்மலில் கொண்டுபோய் உட்கார வைக்காது. நீண்ட நாள் ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ் ஒன்றைத்தான் பெரிய விதிவிலக்காகச் சொல்லலாம்.

சரி, வரிசைக்கு வருகிறேன். நடு இரவில் கேஷுவல்ட்டியில் நின்றாலும் தேர்வு அறையில் இருந்தாலும் நான் ஒரே வரிசைதான் வைத்திருக்கிறேன். எண்கள் "எல்லாம் சரி" என்று தோன்றும்போதும் அதைப் பாதியில் விடுவதில்லை.

முதலில் எண்ணை மூடி வைத்துவிட்டுக் கதையை மட்டும் படிப்பேன். நான்கு நாள் வாந்தி என்றால் வயிற்று அமிலமும் குளோரைடும் போயிருக்கும், ஆல்கலோசிஸை எதிர்பார்க்கிறேன். அழுத்தம் 84/50 என்றால் திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை, லாக்டிக் அசிடோசிஸை எதிர்பார்க்கிறேன். மெலிந்த காசநோயாளி என்றால் ஆல்புமின் குறைந்திருக்கும். இந்த மூன்றையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவேன்.

அப்புறம் பிஎச். அமிலப் பக்கமா, காரப் பக்கமா, நடுவிலா. அதற்கு அடுத்து, பிஎச் சாய்ந்த பக்கத்துக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடா பைகார்பனேட்டா என்று பார்ப்பேன். அடுத்தது ஈடுகட்டல் எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா என்ற கணக்கு. இந்தக் கேள்வியில் பிஎச் நடுவில் நிற்பதால் இந்த மூன்று படிகளும் எதுவும் தராமல் கடந்துபோகின்றன. நீ இங்கேதான் நின்றுவிட்டாய் என்று நினைக்கிறேன். கேப்பைப் போட்டாய், ஆனால் ஆல்புமினைக் கண்டுகொள்ளவில்லை.

ஆனயான் கேப்பில் பெரும் பங்கு ஆல்புமினுடையது. அது எதிர்மின்னூட்டம் உள்ள புரதம். அது குறைந்தால் கேப்பும் சுருங்கும். அந்தச் சுருங்கிய இடத்தில் லாக்டேட் வந்து உட்கார்ந்தால், கூட்டிப் பார்க்கும்போது கேப் நார்மல் போலவே தெரியும். நம் ஊரில் ஆல்புமினை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று தருகிறார்கள். 40-இல் இருந்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதில் கால் பங்கைக் கேப்போடு கூட்ட வேண்டும். 40-இல் 16 போனால் 24, அதில் கால் பங்கு 6. உன் 13 இப்போது 19 ஆகிவிட்டது. அது நார்மல் இல்லை.

கடைசிப் படி: கேப் 12-ஐத் தாண்டி 7 கூடியிருக்கிறது. அந்த 7 அமிலமும் சுமாராக 7 பைகார்பனேட்டைத் தின்றிருக்கும் என்று வைத்துக்கொள். அப்படியானால் அமிலம் வருவதற்கு முன் பைகார்பனேட் 23 கூட்டல் 7, அதாவது 30 இருந்திருக்க வேண்டும். 30 என்பது மெட்டபாலிக் ஆல்கலோசிஸ். வாந்தி பைகார்பனேட்டை மேலே ஏற்றியது, லாக்டேட் கீழே இழுத்தது, இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. உன் ஆசிரியர் எதிர்பார்த்த விடை அதுதான்.

உம்கேனி மாணவி

அண்ணா, இப்போதுதான் புரிகிறது. ஆல்புமின் என்ற வரியைப் பார்த்தேன். ஊட்டச்சத்துக் குறைவைக் காட்டத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். ஈடுகட்டல் கணக்கை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். நாங்கள் படிக்கும் புத்தகங்களில் இருக்கும் வின்டர்ஸ் சூத்திரம் மில்லிமீட்டர் பாதரசத்தில் இருக்கிறது. இங்கே மெஷின் கிலோபாஸ்கலில் தருகிறது. ஒவ்வொரு தடவையும் 7.5-ஆல் பெருக்கி மாற்ற வேண்டுமா?

சாட்ஸ்வர்த் சிவா

மாற்றவெல்லாம் நேரம் இருக்காது தங்கச்சி. அண்ணா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஈடுகட்டல் என்று எழுதியது என் பிழை. ஆனால் வார்டில் நான் செய்வது இதுதான்: மெட்டபாலிக் அசிடோசிஸ் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நார்மல் 4.7 முதல் 6.0. அதற்குக் கீழே இருந்தால் நுரையீரல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

போன மாதம் வந்த பையன் ஒருவன்: 19 வயது, சர்க்கரை நோய், இன்சுலின் விட்டுவிட்டான், நிமோனியாவும் சேர்ந்தது. பிஎச் 7.14, கார்பன் டை ஆக்சைடு 4.4, பைகார்பனேட் 11. சோடியம் 134, குளோரைடு 98. கேப் 25, கீட்டோன் நிறைய. கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கிறது, ஆகவே ஈடுகட்டப்பட்ட கீட்டோஅசிடோசிஸ் என்று எழுதினேன். சரிதானே?

மாரிட்ஸ்பர்க் டாக்டர்

தம்பி, இந்தப் பையனைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். என்னைக் கவலைப்பட வைப்பது உன் மாணவத் தங்கச்சியின் கேள்வியை விட இதுதான்.

வின்டர்ஸ் சொல்வது, எதிர்பார்க்கும் கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டின் ஒன்றரை மடங்கோடு 8 கூட்டினால் வரும், இரண்டு முன்பின். பாதரசக் கணக்கு அது. அதையே 7.5-ஆல் வகுத்துப் பார்த்தால் நமக்கு அழகான ஒரு வடிவம் கிடைக்கும்:

```
pCO2 (kPa) ≈ HCO3 / 5 + 1   (± 0.3)
```

பைகார்பனேட்டை ஐந்தால் வகு, ஒன்று கூட்டு. மனக்கணக்குதான், படுக்கை அருகில் நின்றே போடலாம். உன் பையனுக்கு 11-ஐ ஐந்தால் வகுத்தால் 2.2, ஒன்று கூட்டினால் 3.2. அவனுக்கு இருந்ததோ 4.4. அது நார்மலுக்குக் கீழே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த அளவு அமிலத்தோடு இருக்கும் ஒருவனுக்கு அது மிக அதிகம். அவன் இன்னும் ஆழமாக மூச்சுவிட்டிருக்க வேண்டும், முடியவில்லை. நிமோனியாவினாலோ களைப்பினாலோ மயக்கத்தினாலோ நுரையீரல் பின்தங்கியிருக்கிறது. விடை: கீட்டோஅசிடோசிஸ், அதோடு ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். நார்மல் எல்லையோடு ஒப்பிட்டால் "நன்றாக ஈடுகட்டுகிறான்" என்று தோன்றும், எதிர்பார்க்கும் எண்ணோடு ஒப்பிட்டால் "களைத்துப் போகிறான், பக்கத்திலேயே இரு" என்று தெரியும். அந்தப் பையன் என்ன ஆனான்?

சாட்ஸ்வர்த் சிவா

அண்ணா, இரவே ஐசியுவுக்குப் போனான். மூச்சு மெதுவாகிக்கொண்டே வந்தது. சீனியர் வந்து பார்த்துத்தான் அனுப்பினார். மெஷின் கொடுத்த முதல் தாளில் அது இருந்தது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இப்போது நன்றாக இருக்கிறான், வீட்டுக்குப் போய்விட்டான். ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டுவதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஃபீனிக்ஸ் மகள்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் அப்பாவுக்கு 71 வயது, கிட்னி பலவீனம். போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் பைகார்பனேட் 19 என்று சிவப்பில் காட்டியது. நீங்கள் பேசும் கணக்கில் 19-ஐ ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 4.8 வருகிறது. அது நார்மலுக்குள் இருக்கிறது. அப்படியானால் அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாரிட்ஸ்பர்க் டாக்டர்

அம்மா, அந்த 4.8 உங்கள் அப்பாவின் உடலில் அளந்த எண் இல்லை. மெட்டபாலிக் அசிடோசிஸ் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு எங்கே இருக்க வேண்டும் என்று நாம் போடும் எதிர்பார்ப்பு அது. அதை வைத்துப் பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியாது.

பைகார்பனேட் ஒன்றை மட்டும் வைத்து நானும் முடிவு சொல்ல மாட்டேன். கிட்னி பலவீனத்தில் 19 என்றால் பெரும்பாலும் அமிலம் தேங்குவதுதான் காரணம். ஆனால் நீண்ட நாளாக வேகமாக மூச்சுவிடும் ஒருவருக்கும் பைகார்பனேட் குறையும். அங்கே அது நோய் இல்லை, சிறுநீரகம் செய்யும் ஈடுகட்டல். இரண்டையும் பிரிக்க பிஎச் வேண்டும். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைப் பாதிதான் நிரப்பியிருந்தாலோ மூடியைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தாலோ கூட வாயு வெளியேறி எண் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவருடைய கிட்னி டாக்டரிடம் போங்கள், முந்தைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். சோடா உப்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், அதில் நிறைய சோடியம் இருக்கிறது.

ஃபீனிக்ஸ் மகள்

நன்றி ஐயா. வியாழக்கிழமை அழைத்துப் போகிறேன். பழைய தாள்கள் எல்லாம் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன.

ஜோபர்க் முகில்

நான் ஜோஹனஸ்பர்க்கில் ஐசியுவில் இருக்கிறேன். வரிசையோடு எனக்கு மன வேற்றுமை இல்லை, நானும் அப்படித்தான் கற்பிக்கிறேன். ஆனால் முதல் கேள்வியின் கடைசிப் படியை அண்ணா கொஞ்சம் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்று படுகிறது.

கேப் 7 கூடியதால் பைகார்பனேட் 7 குறைந்திருக்கும் என்பது கீட்டோன்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். லாக்டேட்டுக்கு அப்படி இல்லை. அமிலத்தில் ஒரு பகுதி செல்களுக்குள் தாங்கப்படுகிறது, லாக்டேட் அயனியோ ரத்தத்தில் தங்கிவிடுகிறது. அதனால் கேப் கூடுவதைவிடப் பைகார்பனேட் குறைவாகவே இறங்கும். விகிதம் சுமார் 1.6-க்கு 1 என்பார்கள். அப்படிப் போட்டால் 7-க்கு நாலரைதான் குறைந்திருக்கும். ஆரம்பப் பைகார்பனேட் 30 இல்லை, 27-க்குப் பக்கம். இருப்பதே தெரியாத அளவு ஆல்கலோசிஸ் அது. கேப்பின் நார்மல் 12 என்று எடுத்ததும் எல்லா ஆய்வகத்துக்கும் பொருந்தாது. பொட்டாசியத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இடங்களில் நார்மல் 4 கூடும், புதிய மெஷின்கள் சிலவற்றில் 12-க்கும் குறைவு. ஒன்று இரண்டு மாறினாலே இந்த விடை ஆடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோடியத்திலிருந்து குளோரைடைக் கழித்தால் 36. அது ஏறக்குறைய நார்மல். வாந்தியால் குளோரைடு நிறையப் போயிருந்தால் இந்த வித்தியாசம் 40-ஐத் தாண்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பேன். ஆல்புமின் ஒரு பலவீனமான அமிலம். அது 16-க்கு இறங்கியதே உடலைக் காரப் பக்கம் ஆறு புள்ளி தள்ளும். லாக்டேட் அதே ஆறு புள்ளி அமிலப் பக்கம் தள்ளுகிறது. என் பார்வையில் இந்தப் பெண்ணின் பிஎச் நார்மலாக இருப்பதற்குக் காரணம் வாந்தியைவிட ஆல்புமின்தான்.

அப்புறம் ஒரு சின்னக் குறிப்பு: நாங்கள் கடல்மட்டத்திலிருந்து 1700 மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். இங்கே நலமாக இருப்பவர்களுக்கே கார்பன் டை ஆக்சைடு டர்பன்காரர்களைவிடச் சற்றுக் குறைவு. டர்பனில் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் முதல் மாதம் அதை லேசான ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் டாக்டர்

முகில், 1.6 விகிதத்தை நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டது தவறு. கேப் கூடியது சிறிய அளவாக இருக்கும்போது இந்தப் படியை மென்மையாகத்தான் வாசிக்க வேண்டும். நான்கு அளவீடுகளின் பிழையும் அந்த ஒரே எண்ணில் வந்து சேர்கிறது.

ஆனால் ஆல்புமின்தான் காரணம் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. மாதக்கணக்காக ஆல்புமின் குறைந்திருக்கும் காசநோயாளிகளை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குப் பைகார்பனேட் 30-இல் இருப்பதில்லை. ஆல்புமின் மெதுவாக இறங்கும்போது சிறுநீரகம் குளோரைடைக் கொஞ்சம் அதிகமாக வைத்துக்கொண்டு அதைச் சமன் செய்துவிடுகிறது. அப்படிச் சமன் செய்திருந்தால் இவருடைய சோடியம்-குளோரைடு வித்தியாசம் வாந்திக்கு முன் 36-க்கும் கீழே, 30-க்குப் பக்கம் இருந்திருக்கும். 36 என்பது அவருக்கு ஏற்கெனவே ஏறிய எண். பொட்டாசியம் 2.9 என்பதும் வாந்தியால் வந்த ஆல்கலோசிஸ் பக்கமே பேசுகிறது.

ஜோபர்க் முகில்

வாந்திக்கு முந்தைய எண் நம் கையில் இல்லையே அண்ணா. இருந்தால் இந்த வாதமே வேண்டாம். சிறுநீரில் குளோரைடு அளந்தால் கொஞ்சம் தெளிவு வரும். 20-க்கும் கீழே என்றால் உடல் குளோரைடைப் பிடித்து வைக்கிறது, வாந்திக் கதை வலுக்கும். ஆனால் அழுத்தம் 84/50 இருப்பவருக்கு ரத்தக் குறைவினாலேயே சிறுநீர்க் குளோரைடு குறையலாம், அதனால் அதுவும் முழுத் தீர்ப்பு இல்லை.

உம்கேனி மாணவி

நான் குழம்பவில்லை, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தேர்வில் இதே கேள்வி மறுபடி வந்தால் எதை எழுதுவது?

ஜோபர்க் முகில்

தேர்வில் அண்ணாவின் வரிசையில் எழுது. ஆல்புமினுக்குத் திருத்திய கேப் 19, லாக்டிக் அசிடோசிஸ், அதோடு வாந்தியால் மெட்டபாலிக் ஆல்கலோசிஸ் என்று. கணக்கின் ஒவ்வொரு படியையும் தாளில் காட்டு. திருத்தும்போது நான் முதலில் தேடுவது அந்த 13 எப்படி 19 ஆனது என்ற வரியைத்தான்.

சாட்ஸ்வர்த் சிவா

இன்று வார்டில் ஒரு பாட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். பிஎச் 7.29, கார்பன் டை ஆக்சைடு 4.1, பைகார்பனேட் 15. ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 4.0, நுரையீரல் சரியாகத்தான் இருக்கிறது. சோடியம் 138, குளோரைடு 114, கேப் 9. ஆல்புமின் 34, கால் பங்கு கூட்டினால் பத்தரை. கேப் கூடவில்லை. முந்தைய நாள் நாலரை லிட்டர் சலைன் ஏற்றியிருந்தார்கள். அதுதான் காரணம் என்று எழுதிவிட்டேன். அவருக்கு டெனோஃபோவிர் மருந்தும் போகிறது, அதைச் சேர்த்து யோசிக்க வேண்டுமா அண்ணா?

மாரிட்ஸ்பர்க் டாக்டர்

யோசிக்க வேண்டும் தம்பி. இரண்டுமே கேப் கூடாத அசிடோசிஸைத் தரும். சலைனால் வந்தது என்றால் அதை நிறுத்திய ஓரிரு நாளில் சரியாகும், டெனோஃபோவிரால் சிறுநீரகக் குழாய் கெட்டிருந்தால் ஆகாது. ரத்தத்தில் பாஸ்பேட்டைப் பார், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார். ரத்தச் சர்க்கரை நார்மலாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால் மருந்தின் மேல்தான் என் சந்தேகம். சலைன் போவதற்கு முந்தைய தாளில் பைகார்பனேட் எவ்வளவு இருந்தது?

சாட்ஸ்வர்த் சிவா

அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கோப்பில் இல்லை. நாளை காலை ஆய்வகத்தில் கேட்டுவிட்டு இங்கே போடுகிறேன்.